மினுமினுத்த காப்பிக்கொட்டை

எங்கள் தெருமுனையில் காப்பிக்கொட்டை விற்கும் அக்காவின் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. கருக வறுத்த கொட்டையில் எண்ணெய் சீக்கிரமே கசிந்துவிடும். ஆனால் மிதமாக வறுத்த பழுப்புக் கொட்டை மினுங்கினால், அது பல வாரம் கிடந்த சரக்கு என்பார்.

அன்று காலை நான் கால் கிலோ வாங்கப் போனபோது, கண்ணாடி ஜாடியில் பழுப்புக் கொட்டை பளபளத்தது. அதைப் பிரித்துக் கொட்டிய பையிலோ, முந்தாநாள் வறுத்ததாகத் தேதி. அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. கொட்டை வறுத்து அனுப்பும் தம்பியைப் போனில் பிடித்தார்.

"பழசுக்குப் புதுத் தேதி ஒட்டுறியா? கூடப்பொறந்தவன்னு பார்க்கிறேன்டா!"

"சத்தியமா முந்தாநாள் வறுத்ததுதான்க்கா! மோந்து பாரு!"

மோந்தார். காப்பி மணத்தோடு அக்கா தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் மணமும் சேர்ந்து வந்தது. கல்லாவில் இருந்த அக்காவின் வீட்டுக்காரர் மெல்ல நழுவப் பார்த்து, மாட்டிக்கொண்டார்.

"கொட்டை வறண்டு கிடந்துச்சு. மினுக்கினா புதுசுன்னு நாலு பேர் வாங்குவாங்களேன்னு ரெண்டு சொட்டு..."

போனில் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எண்ணெய்ப் புட்டியைத் தேடியெடுத்து, மிச்சத்தை வீட்டுக்காரரின் வழுக்கையில் கவிழ்த்துப் பரபரவென்று தேய்த்தார்.

"இந்தாங்க, இப்ப நீங்களும் புதுசு!"