ரஷ்ய மனுவில் எங்கள் வறண்ட கிணறு

என் தங்கையின் மனுவில் என்னை விவசாயி ஆக்கியது நான்தான். எங்களுக்கு அப்போது ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. கொட்டாம்பட்டி சுற்றுவட்டாரத்தில் அடுத்தவர் நிலத்தில் கிணறு வெட்டுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளை வளர்த்தேன். அவள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி, பி.யு.சி.யில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள்.

ரஷ்யாவில் அரசாங்கச் செலவிலேயே படிக்கலாம், நிலத்தடி நீரைப் பற்றிய படிப்புகூட இருக்கிறது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ரஷ்ய மொழி வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். மனுவோடு தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். டவுனில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர் அந்த மாதிரிக் காகிதங்களை ஆங்கிலத்தில் எழுதித் தருவார். அவரிடம் போனோம்.

"கார்டியன் என்ன தொழில்?" என்று கேட்டார்.

பக்கத்து பெஞ்சில் அவளுடைய ஹாஸ்டல் பெண்கள் இரண்டு பேர் டைப் பழகக் காத்திருந்தார்கள். நான் அன்று வெளுத்துத் தேய்த்த சட்டைதான் போட்டிருந்தேன். ஆனால் விரல் நகங்களில், கிணற்றுப் பாறைக்கு வைக்கும் வெடிமருந்துக் கறை போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "விவசாயமுங்க" என்றேன். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

தடதடவென்று ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கல்யாணப் பத்திரிகையைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே ரஷ்ய வகுப்பு நடத்தும் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள், அந்தக் காகிதம் ரஷ்ய மொழியில் இருக்க வேண்டுமாம். புதன்கிழமைக்குள் மதராஸில் கொடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் டீச்சர் உட்கார்ந்து மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கொண்டு அண்ணனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாராம்.

டீச்சர் பசுமலையிலிருந்து பஸ்ஸில் வருபவர். எனக்கு இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். மாஸ்கோவில் ஆறு வருஷம் படித்தவர் என்று தங்கை சொல்லியிருந்ததால் கவுன் போட்டிருப்பார் என்று நினைத்தேன். சுங்கடிச் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தார். மாடி அறையில் நீள மேஜை. ஒரு மூலையில் சங்கத்துச் செயலாளர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மில்லில் தொழிற்சங்க வேலை பார்த்தவர். நான் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

டீச்சர் ஆங்கிலப் பக்கத்தைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் உதடு மடிந்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் புரிந்தது.

"யாரும்மா எழுதினது?"

"டைப் இன்ஸ்டிடியூட்ல, டீச்சர்."

"நான் அபாரத் திறமை உள்ளவள், குறை சொல்ல முடியாத குணம் உள்ளவள், சின்ன வயசிலிருந்தே பூமியின் மர்மங்கள் என்னை மயக்கின... இதை அப்படியே ரஷ்யன்ல மாத்தினா, தனக்குத் தானே மாலை போட்டுக்கிட்டு மேடையேறுற மாதிரி இருக்கும்."

தங்கையின் முகம் சிறுத்துவிட்டது.

"தப்பு உன் மேல இல்ல. இங்க அப்படித்தான் எழுதணும்னு சொல்லித் தாராங்க. அங்க இந்தக் காகிதத்துக்குப் பேரே தன்வரலாறு. இன்னார், இந்த வருஷம், இந்த ஊர்ல, இன்ன வேலை பாக்குறவங்க வீட்டுல பொறந்தேன்னு ஆரம்பிக்கணும். அப்பா அம்மா யாரு, எங்க படிச்சே, பொது வேலை என்ன செஞ்சே, இந்தப் படிப்பு ஏன், படிச்சிட்டு உங்க ஊருக்கு என்ன செய்வே. அம்புட்டுதான். கெட்டிக்காரின்னு நீ சொல்ல வேண்டாம், மார்க் ஷீட் சொல்லும். அப்புறம், இதை உன் கையால எழுதணும். நான் சொல்லித் தாரேன்."

பொது வேலை என்றதும் தங்கை விழித்தாள். கல்லூரி நலப்பணித் திட்டத்தில் ஒரு காலனிக்குப் போய் மழைத்தண்ணீர் இறங்கக் குழி வெட்டியதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். குழி வெட்டுவதெல்லாம் ஒரு பெருமையா என்று டைப் இன்ஸ்டிடியூட்காரர் ஆங்கிலத்தில் அதை விட்டிருந்தார். "முதல்ல எழுத வேண்டியது அதுதான்" என்றார் டீச்சர்.

அடுத்து சர்ட்டிபிகேட்டுகளைப் பிரித்தார். தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றிதழில் அவர் விரல் நின்றது.

"இதுல அண்ணன் கிணறு வெட்டும் கூலித் தொழிலாளின்னு இருக்கு. இங்கிலீஷ்ல விவசாயின்னு இருக்கு. ரெண்டும் ஒரே கவருக்குள்ள போகுது. இண்டர்வியூவுல இதைத்தான் முதல்ல பிடிப்பாங்க. ஒண்ணு பொய்னா எல்லாம் பொய்னு ஆயிரும். யாரு சொன்னது விவசாயின்னு?"

எனக்கு எழுந்து படியிறங்கிப் போய்விடலாம் போலிருந்தது. என் வாயால் அவள் படிப்பு போகப்போகிறது என்று நினைத்தேன். தரையைப் பார்த்தபடி, "நாந்தேன்" என்றேன்.

"ஏன்ணே?"

"அவ கூடப் படிக்கிற பிள்ளைக இருந்துச்சுக. அவளுக்குக் கொறச்சலா இருக்கும்னு..."

தங்கை வெடுக்கென்று திரும்பினாள். "எனக்கா கொறச்சல்? ஒனக்குத்தான் வெக்கமா இருக்குன்னு நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். மக்கு அண்ணே!"

டீச்சர் இப்போது வாய்விட்டே சிரித்தார். மூலையிலிருந்த செயலாளர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார். தொழிலாளி என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது.

"அண்ணே, இது அங்க பிளஸ் பாயிண்ட்டு. நீங்க எந்தச் சங்கத்துல இருக்கீங்க?"

"சங்கம்லாம் இல்லீங்க. கெணத்துக்குள்ள அஞ்சு பேருதேன் இருக்கோம்."

"ஸ்டிரைக் எதுவும் பண்ணியிருக்கீங்களா?"

"ஒரு தடவை கூழு புளிச்சுப் போச்சுன்னு அரை நாளு இறங்கலீங்க."

"அது போதுமே! டீச்சர், போராட்டத்துல ஈடுபட்ட குடும்பம்னு ஒரு வரி போடுங்க."

"தோழர், விவசாயிப் பொய்யை எடுத்துட்டுப் போராளிப் பொய்யைப் போடவா? நீங்க போய் டீ சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

தங்கை எழுதத் தொடங்கினாள். பெயர், எங்கள் அப்பாவின் முழுப்பெயர், பிறந்த வருஷம், ஊர். இனிஷியலாக மட்டும் இருந்த அப்பாவை அன்றுதான் முழுப் பெயராக விரித்து எழுதினாள். டீச்சர் ஒவ்வொரு வரியையும் ரஷ்யனில் சொல்லி, எனக்காகத் தமிழிலும் சொன்னார். "என்னை வளர்த்தவர் என் அண்ணன். அவர் கிணறு வெட்டும் தொழிலாளி." எனக்கு நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"டீச்சரம்மா, எனக்கு அந்த ஒரு வரி போதும்ங்க" என்றேன்.

"பாப்போம்" என்றார். "இப்ப முக்கியமான கேள்வி. இந்தப் படிப்பு ஏன்? பூமியின் மர்மம்னு சொல்லாத. உண்மையைச் சொல்லு."

தங்கை பேனாவை மூடி வைத்தாள். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது எங்கள் கிணற்று நோட்டு. மூன்றாம் வகுப்பிலிருந்து எனக்குச் சோறு கொண்டுவரும்போதெல்லாம், எந்த ஆழத்தில் என்ன வந்தது என்று அவள் எழுதி வைப்பாள். செம்மண் இரண்டு ஆள் மட்டம், சரளை ஒரு ஆள், பிறகு பாறை, ஊற்று வந்த பக்கம் கிழக்கு. எனக்கு எழுத்து வேகமாக ஓடாது என்பதால் அவள் எழுதினாள். அதை இன்னும் வைத்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது.

கடைசிப் பக்கத்தைத் திருப்பி டீச்சரிடம் காட்டினாள்.

"இது திருவாதவூர்ப் பக்கம் வெட்டின கெணறு, டீச்சர். பதினோரு ஆள் மட்டம் போயும் தண்ணி வரல. அண்ணன்தான் எடம் பாத்துச் சொன்னது. நிலத்துக்காரர் கெணத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாமப் போயிட்டாரு. அண்ணன் மூணு நாளு சாப்பிடல. எங்க தண்ணி இருக்கும்னு முன்னாலேயே தெரிஞ்சுக்க முடியாதான்னு அன்னைக்குத்தான் நெனச்சேன்."

"அதை எழுதாத!" என்றேன். அந்த அறையில் நான் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான். "நான் தோத்த கதைய வேத்து நாட்டுக்காரனுக்குச் சொல்லவா போற? நல்லாத் தண்ணி வந்த கெணறு முப்பது இருக்கு. அதுல ஒண்ண எழுது."

டீச்சர் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"அண்ணே, தண்ணி வந்த முப்பது கிணத்தைப் பாத்தா அவளுக்கு இந்தப் படிப்பே வேண்டாமே. அண்ணன்கிட்டயே கத்துக்கலாமே. வராத கிணத்துக்குத்தான் இவ அம்புட்டுத் தூரம் போகணும். அதை எடுத்துட்டா இந்தக் காகிதத்துல காரணமே இல்ல. ஆனா உங்க கதை. வேண்டாம்னா எழுதல."

டீ வந்தது. தங்கை குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ.

"எடம் பாத்தது நான்னு வேணாம். கெணறுன்னு மட்டும் போடட்டும்" என்றேன்.

"சரி. 'அண்ணனுடன் வேலை செய்தவர்கள் வெட்டிய ஒரு கிணறு'. போதுமா?"

தலையாட்டினேன். தங்கை குனிந்து எழுதினாள். முடிந்ததும் கையெழுத்தும் தேதியும் போட்டாள். டீச்சர் முழுவதையும் தமிழில் படித்துக் காட்டினார். ஒரு பக்கம்கூட முழுதாக வரவில்லை. டைப் அடித்ததைப் போலப் பளபளப்பும் இல்லை. ஆனால் கேட்கும்போது எங்கள் வீட்டுக்குள் யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு நடப்பது போல இருந்தது.

"இதுல நான் எதுவரைக்கும்ங்க?" என்று கேட்டேன். டீச்சர் விரலை வைத்துக் காட்டினார். நான் எண்ணிப் பார்த்தேன்.

"ஒரு வரி போதும்னேன். ஏழு வரி இருக்கு."

"ரஷ்யன் நீளமான பாஷைண்ணே" என்றார் டீச்சர். தங்கை மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள்.

இண்டர்வியூவுக்கு மதராஸுக்கு நானும் போனேன். வெளியே மரத்தடியில் நின்றேன். தங்கை வந்து, அந்தக் கிணற்றைப் பற்றியே ரொம்ப நேரம் கேட்டார்கள் என்றாள். பாறை என்ன நிறம், வெடிப்பு எந்தப் பக்கம் ஓடியது என்றெல்லாம் ஒரு வெள்ளைக்காரர் ரஷ்யனில் கேட்டாராம். நோட்டைப் பார்க்காமலே சொல்லியிருக்கிறாள். தபாலில் உத்தரவு வர இரண்டு மாதம் ஆயிற்று. போர்வை, ஊறுகாய், அந்த நோட்டு, எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். அவள் எழுதிப் பழகிய முதல் பிரதி என்னிடம் இருந்தது. ரஷ்யனில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் என் ஏழு வரி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியும்.

ஆறு வருஷம் கழித்துத் திரும்பி வந்தவள், ஊருக்கு வந்த நாலாம் நாள், என்னைச் சைக்கிளில் வைத்துத் திருவாதவூர்ப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். அந்தக் கிணற்றில் கருவேல மரம் முளைத்திருந்தது. அவள் சுற்றிச் சுற்றி நடந்தாள். கல்லை எடுத்துப் பார்த்தாள், வரப்பைத் தாண்டி மேற்கே போனாள், திரும்பி வந்தாள்.

"இந்த எடத்துல வெட்டியிருக்கக் கூடாதுண்ணே" என்றாள்.

"இதச் சொல்லவா ஆறு வருஷம் ஆச்சு? தண்ணி வராத அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றேன்.