இருபது வரை என்றால் எது வரை

எங்கள் மருந்துக் கிடங்கில் அவருக்குப் பெயர் எக்ஸ்பைரி அக்கா. பதினேழு வருடமாக ரேக் ரேக்காக ஏறி இறங்கி, எந்தப் பெட்டி எப்போது காலாவதி ஆகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. முதலில் காலாவதி ஆவது முதலில் வெளியே போக வேண்டும். ஒரு பெட்டி பின்னால் ஒளிந்திருந்தால் அதை வைத்தவனுக்கு அன்று சாப்பாடு இறங்காது. அட்டையில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் முடிய அது நல்ல மருந்துதான் என்று புதிதாகச் சேரும் எல்லோருக்கும் அவர்தான் சொல்லிக்கொடுப்பார். நான் பில் போடுகிறவள். எனக்கும் சொன்னார், நான் கேட்காமலே.

அப்பேர்ப்பட்டவர் தேதியில்தான் வழுக்கி விழுந்தார் என்பது கிடங்கின் பழைய சிரிப்பு. ஆறு வருடத்துக்கு முன்னால் கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்டு, "9 முதல் 20 வரை" என்று எழுதிக் கொடுத்தார். இருபதாம் தேதியும் லீவு என்று அவர் நினைத்தார். இருபதாம் தேதி வேலைக்கு வந்துவிடுவார் என்று மேனேஜர் நினைத்தார். அக்கா இருபத்தொன்றாம் தேதி சிரித்த முகமாக வந்தபோது மேஜையில் மெமோ காத்திருந்தது, சிவப்பு மையில். அதற்குப் பிறகு அக்கா நீளமாக லீவே எடுக்கவில்லை. ரோஷக்காரி.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து தங்கையின் போன் வந்தது. தங்கைக்கு நாற்பத்தாறு வயது. பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட அக்கா வரவேண்டும். மாப்பிள்ளை யார் தெரியுமா? இருபது வருடத்துக்கு முன்னால் இதே அக்கா, "அந்த ஆள் வேண்டவே வேண்டாம்" என்று ஒற்றைக் காலில் நின்று தடுத்த அதே ஆள்.

டீ குடிக்கும் இடத்தில் அக்கா என்னிடம் சொன்னார்: "நான்தான் கெடுத்தேன். அவர்கிட்ட ஒரு குறையும் இல்ல. எனக்கு அப்ப திமிரு. ரெண்டு பேரும் வேற யாரையும் கட்டிக்கல, தெரியுமா? நான் போயே ஆகணும்."

செய்தி பரவியதும் ஆளாளுக்கு யோசனை. வேன் டிரைவர் கையோடு ஒரு பேப்பரே கொண்டுவந்தார். "அம்மா சீரியஸ்னு போடுங்கக்கா. உடனே கிடைக்கும்." இவர் இதுவரை தன் மாமியாரை மூன்று முறை ஐசியூவில் சேர்த்தவர். அந்த அம்மாள் நல்ல ஆரோக்கியம், போன வாரம்கூட இவரைத் திட்ட வாசல் வரை வந்திருந்தார்.

"பொய் சொல்லிட்டு என் தங்கச்சி கல்யாணத்துல போய் நிக்கணுமா? நடையைக் கட்டு," என்றார் அக்கா.

மூன்று நாள் எழுதினார். நான் டைப் அடித்துக் கொடுத்தேன். இதுதான் அது:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். என் தங்கையின் திருமணம் வரும் மாதம் 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, வெளிநாட்டில் நடைபெறுகிறது. பதிவுக்கு நான் ஒரு சாட்சி. எனவே 12ஆம் தேதி புதன்கிழமை தொடங்கி 20ஆம் தேதி வியாழக்கிழமை முடிய, இரண்டு நாட்களும் உட்பட, விடுப்பு தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடையில் ஒரு ஞாயிறு வருவதால் வேலை நாட்கள் எட்டு. என் விமானம் 12ஆம் தேதி அதிகாலை 12.50க்குப் புறப்படுகிறது, அதாவது செவ்வாய் இரவே நான் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை முழு நாளும் வேலை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்துவிடுவேன். நான் இல்லாத நாட்களில் என் வேலையைப் பார்ப்பவர்களின் பட்டியலை, அவர்கள் சம்மதக் கையெழுத்துடன் இணைத்துள்ளேன்."

"வரை" என்ற சொல் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று என்னை இரண்டு முறை தேடச் சொன்னார். இல்லை.

மேனேஜர் நிதானமாகப் படித்தார். நான் பில் கட்டோடு அங்கேயே நின்றேன். வேலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"லெட்டர் நல்லா இருக்கும்மா. குறையே சொல்ல முடியாது. ஆனா லீவு தர முடியாது." சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினார். பதினெட்டு, பத்தொன்பதில் வட்டம். "ஆடிட். காலாவதி ஸ்டாக்கை நீங்க இல்லாம யாரு காட்டுவா? கல்யாணத்தை ஒரு வாரம் தள்ளிக்கச் சொல்லுங்களேன்."

"அது அரசாங்க ஆபீஸ்ல குடுத்த தேதி சார்."

"அப்ப நான் என்ன பண்றது?"

அக்காவின் முகம் தொங்கிப்போனது. எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும். அக்கா திரும்பினார். இரண்டு எட்டு வைத்து நின்றார்.

"சார், அந்த ஆடிட் லெட்டரை ஒரு தடவை பாக்கலாமா?"

அவர் எடுத்துக் கொடுத்தார். தலைமை அலுவலகக் கடிதம். அக்கா மருந்து அட்டையைப் பார்ப்பது போலவே கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, வாய்விட்டுப் படித்தார்: "இம்மாதம் நடக்கவேண்டிய ஆடிட் வரும் மாதம் 20 வரை ஒத்திவைக்கப்படுகிறது."

"ஆமா. இருபதுக்குள்ள முடிச்சாகணும். அதான் பதினெட்டு, பத்தொன்பது," என்றார் மேனேஜர்.

"முடிக்கணும்னு இதுல இல்லையே சார். தள்ளி வச்சிருக்காங்கன்னுதான் இருக்கு." அக்கா கடிதத்தை மேஜையில் வைத்தார். "அன்னிக்கு என் லீவு லெட்டரை நீங்க படிச்ச மாதிரி படிச்சா இருபதாம் தேதி ஆரம்பம். நான் படிச்ச மாதிரி படிச்சா இருபத்தொண்ணு. பதினெட்டு யாரு கணக்கு சார்?"

மேனேஜர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். இருபது என்று சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. அன்று மத்தியானம்தான் அக்காவின் விமானமே வந்து இறங்கும்.

"சரிங்க... இருபதும் சேர்த்தா? சரி... சரி." போனை வைத்தார். "இருபது முடிஞ்சப்புறம்தானாம். இருபத்தி நாலு, திங்கக்கிழமை வர்றாங்க."

"திங்கக்கிழமை நான் இருப்பேன் சார்."

அவர் காலண்டரில் இரண்டு வட்டங்களையும் அடித்தார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே தன் கையாலேயே "பணிக்குத் திரும்பும் நாள் 21, காலை 8" என்று எழுதினார். அதைக் கொடுக்கும்போது, "அன்னிக்கு மெமோ போடறதுக்கு முன்னாடி நானும் உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்மா," என்றார். ஆறு வருடம் கழித்து! ஆனாலும் அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக் குதித்தார். ஐம்பத்து மூன்று வயதுக் குதி. ரேக் ஆடியது.

பதினான்காம் தேதி எங்களுக்குப் பிற்பகல் மூன்றரை. என் போனில் வீடியோ, அதைச் சுற்றிக் கிடங்கே நின்றது. மேனேஜரும் ஏதோ கேட்க வந்தவர் போல வந்து நின்றார். சின்ன அறை, மேஜை, பூச்சாடி. தங்கையின் தலையில் நரை, மாப்பிள்ளைக்கு வழுக்கை. இருவரும் பரீட்சைக்கு வந்தவர்கள் போல விறைப்பாக நின்றார்கள்.

பதிவாளர் பெண்மணி எழுந்து, இந்தத் திருமணத்துக்கு இங்கே யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். சட்டப்படி கேட்கிற கேள்வி, யாரும் பதில் சொல்லமாட்டார்கள். ஆனால் தங்கை தன்னையறியாமல் திரும்பி அக்காவைப் பார்த்துவிட்டாள். மாப்பிள்ளையும் பார்த்தார்.

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இல்ல!" என்றார், அந்த அறையே அதிரும்படி. "யாருக்கும் இல்ல!"