சீனிமுகம்மது வாசிக்க மறுத்த சொல்

கல்முனையில் சீனிமுகம்மதுவின் குரலைத் தெரியாதவர் குறைவு. முச்சக்கர வண்டியின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு இரத்ததான முகாம், புடைவைக் கடைத் தள்ளுபடி, காணாமல்போன மாடு என்று எல்லாவற்றையும் ஒரே தொனியில் அறிவிப்பார். மாடும் தள்ளுபடியில் போகிறதோ என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

சுனாமிக்கு அடுத்த வருடம் மீனவர் சங்கம் கொடுத்த தாளை அப்படியே வாசித்தார். "கடல் கொந்தளிப்பு" என்ற இரண்டு சொற்கள்தான் சனங்களின் காதில் விழுந்தன. ஊரே கடலை விட்டு உள்ளே, கிட்டங்கிப் பக்கம் ஓடியது. நெரிசலில் அவருடைய மனைவி ஹாஜறாவின் கால் முறிந்தது. அன்றிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டாலே ஹாஜறா பத்திரங்கள் வைத்த பையைத் தூக்கிவிடுவார்.

யுத்தம் முடிந்த மறுவருடம், மாரி காலத்தில், ஒரு விளையாட்டுக் கழகம் மைதானத்தில் இசை நிகழ்ச்சி வைத்தது. மாரியில் திறந்த வெளியில் பாட்டு வைத்த புத்தியை என்னவென்று சொல்வது! நிகழ்ச்சி நாள் காலையில் மைதானத்தில் முழங்கால் தண்ணீர். செயலாளர் ஹிஷாம் தாளோடு வந்தான்.

"வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், கடல் கொந்தளிப்புக் காரணமாக..." வாசித்த சீனிமுகம்மது தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"கடலெண்டு நான் வாசிக்கமாட்டன், தம்பி."

"ரேடியோவில சொன்னதுதானே, சீனிமுகம்மது நானா! காரணம் சொல்லாட்டி ஏமாத்திட்டாங்க எண்டு சனம் சத்தம் போடும்."

"காரணத்தச் சொல்லுவம். மேடை நிக்கிறது தண்ணிக்குள்ள, கரண்ட் வயர் போகுது. அது பொய்யா? மீன்காரருக்கு சங்கம் நேத்தே நேர்ல சொல்லியாச்சு. டிக்கெட் எடுத்தவனுக்கு வேண்டியது வேற கதை."

ஹிஷாம் யோசித்தான். பிறகு இருவரும் தேநீர்க்கடையில் உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள். வீதி வீதியாக அது ஒலித்தது:

"இன்று மாலை நடக்கவிருந்த இசை நிகழ்ச்சி மழை காரணமாகப் பிற்போடப்பட்டுள்ளது. மைதானத்தில் தண்ணீர் நிற்பதால் மின்சாரம் கொடுப்பது ஆபத்து. நிகழ்ச்சி ரத்தாகவில்லை. மார்ச் ஐந்தாம் திகதி சனிக்கிழமை, அதே மைதானம், அதே நேரம். கையிலுள்ள டிக்கெட் அன்றைக்கும் செல்லும். வர முடியாதவர்கள் டிக்கெட்டை வாங்கிய கடையிலேயே இந்த மாத முடிவுக்குள் கொடுத்துக் காசைத் திரும்பப் பெறலாம்."

மைதான வாசலில் நின்ற சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் இரண்டாம் முறை கேட்டுவிட்டு டிக்கெட்டைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். யாரும் ஓடவில்லை.

கடைசியாகத் தன்னுடைய வீதிக்குள் வண்டியை விட்டார். அவருக்குப் பயமாக இருந்தது. ஹாஜறா வாசலில் நின்றார். பை தோளில் கிடந்தது.

சீனிமுகம்மது மைக்கை நிறுத்தினார்.

"மழைதான், புள்ள."

"இன்னொருக்கா வாசிங்க."

மைக் இல்லாமல், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை வாசித்தார். ஹாஜறா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

"மார்ச்சில எனக்கும் ஒரு டிக்கெட் எடுங்க" என்றார்.