சப்டைட்டில் இல்லாத பட்ஜெட்

2024 மார்ச் 9, சனிக்கிழமை. மலேசியாவின் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால் எனக்குப் பள்ளி அலுவலக வேலை இல்லை. ஆறரைக்கு எழுந்து துணி துவைத்தேன். பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்பது மணிக்கு எங்கள் தொண்டு அமைப்பின் தலைவரை ஏற்றிக்கொண்டு சுங்கை பட்டாணியிலிருந்து புக்கிட் செலம்பாவ் போனேன். அமைப்பில் நான் பொருளாளர்.

தொழிலாளர் உரிமைகளை விளக்கும் பன்னிரண்டு படங்களை எங்கள் யூடியூப் சேனலில் போட, ஓர் அறக்கட்டளையிடம் பதினைந்தாயிரம் ரிங்கிட் கேட்டு விண்ணப்பிக்க இருந்தோம். கெடு செவ்வாய்க்கிழமை. மாதிரிக்கு ஒரு படத்தையும் இணைக்க வேண்டும். அதில் பேசியவர் புக்கிட் செலம்பாவ் அக்கா. தொழிற்சாலை இயந்திரச் சத்தத்தில் அவருக்கு இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டன. இழப்பீடு வாங்க அலைந்ததை அவரே சொல்லியிருந்தார். பேசியவருக்குக் காட்டிச் சம்மதம் வாங்காமல் எதையும் வெளியிடுவதில்லை என்பது எங்கள் வழக்கம்.

பட்ஜெட் கையில் இருந்தது. கேமராவுக்கு 4,200. மைக், முக்காலி, விளக்குக்கு 1,400. எடிட்டிங் படத்துக்கு நானூறு வீதம் 4,800. மீதி 4,600 ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு. சப்டைட்டிலுக்கு எதுவும் இல்லை. யூடியூப் தானாகவே எழுதிக்கொள்ளும் என்று கூட்டத்தில் பேசி முடித்திருந்தோம். தமிழும் மலாயும் கலந்த எங்கள் பேச்சை அது எப்படி எழுதுகிறது என்று யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

அக்கா காப்பி கொடுத்துவிட்டு என் போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். நேரில் என்றால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். படத்திலோ அவரைப் பக்கவாட்டில் எடுத்திருந்தார்கள். பாதியில் போனை மேசைமேல் வைத்துவிட்டார்.

"நான் என்ன சொன்னேன்னு நீங்க ரெண்டு பேரும் கேட்டுட்டீங்க. எனக்குத்தான் தெரியல. தெரியாம எப்படிலா சரின்னு சொல்றது?"

தலைவர் மெல்ல, வாயசைவு தெரியும்படி, நல்லாத்தான் பேசியிருக்கீங்க என்றார்.

"அப்படித்தான் அண்ணே கிலாங்லயும் சொன்னாங்க. பேப்பர் நல்லாத்தான் இருக்கு, சைன் பண்ணுன்னு."

தான் வேலை செய்த தொழிற்சாலையைத்தான் கிலாங் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிஸ்கட் தட்டை எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார். தலைவர் பிஸ்கட்டைத் தொடவில்லை.

காரில் திரும்பும்போது கணக்கை வாய்விட்டே போட்டேன். கூலிமில் சப்டைட்டில் எழுதும் பெண் ஒருவர் இருக்கிறார். எடிட் செய்து முடித்த படத்துக்கு, ஒரு மொழிக்கு நிமிடத்துக்கு இருபது ரிங்கிட். படம் ஒன்று ஆறு நிமிடம். தமிழ், மலாய் இரண்டுக்கும் பன்னிரண்டு படங்களுக்கு 2,880. கேமராவை வாங்காமல், நாளுக்கு இருநூறு வாடகைக்கு எடுத்து, ஒரே நாளில் இரண்டு படம் எடுத்தால் ஆறு நாளுக்கு 1,200 போதும். விளம்பரத்தில் கை வைக்க வேண்டாம். எல்லாம் போக மிஞ்சும் 120 ஹார்ட் டிஸ்குக்கு உதவும்.

சொந்தக் கேமரா இருந்தால் அடுத்த வருடம் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை என்பது தலைவருடைய ஆசை. அதில் தவறு ஒன்றுமில்லை. இரவல் கேமராவுக்காக அவர் எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

"கேமரா யாருதா இருந்தா என்னம்மா," என்றார் கடைசியில். "அவங்களுக்கே புரியாத படத்த வச்சுக்கிட்டு யாருக்கு விளம்பரம் பண்றது? மாத்திடு."

இந்த ஒரு படத்துக்கான தமிழ் வரிகளுக்குச் அமைப்பின் பணத்திலிருந்து கொடுக்கலாம் என்றும் அவரே சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கூலிம் பெண்ணுக்குப் படத்தை அனுப்பினேன். அக்கா ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவர், எழுத்து பெரிதாக இருக்கட்டும், பேசியதை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம் என்று எழுதினேன். இரவு ஏழு மணிக்குப் படம் வரிகளோடு திரும்பி வந்தது. அதற்குள் பட்ஜெட்டை மாற்றி எழுதி முடித்திருந்தேன்.

மறுநாள் ஞாயிறு, வேலை நாள். அலுவலகம் போவதற்கு முன் முதல் வேலையாக அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் சிரித்தார். பிறகு படத்தை நிறுத்தி, தன் பழைய சூப்பர்வைசரைத் திட்டிய வரியை விரலால் காட்டினார்.

"இத மட்டும் எடுத்துடும்மா. அவருக்கும் பொண்ணுங்க இருக்கு. மத்ததெல்லாம் நான் சொன்னதுதான். போடுங்க."

அவர் கண்முன்னாலேயே, அந்த வரி வரும் இடத்தை வெட்டிவிடும்படி எடிட்டருக்குச் செய்தி அனுப்பினேன்.