வெட்டாத வீடியோ

அறுபது வயதில் பரதநாட்டிய மேடை ஏறுவதற்கு என் மனைவி குரோம்பேட்டையில் ஒரு சபாவுக்கு விண்ணப்பித்தாள். வெட்டு, ஒட்டு இல்லாத வீடியோ ஒன்று அனுப்ப வேண்டும் என்பது விதி. அதை, ஆட்டத்தைப் படம்பிடித்து அனுப்பித் தந்த எடிட்டரிடம் அழுத்திச் சொன்னவன் நான்தான். சபாவிலிருந்து பதில் வந்தது: "தாளம் நிற்கவில்லை."

அனுப்பிய வீடியோவை அப்போதுதான் பார்த்தேன். தலை கொதித்தது. கை உயரும் இடத்தில் அவள் தண்ணீருக்குள் நடப்பவள்போல் மெதுவாகிறாள். இழந்த நேரத்தை ஈடுகட்ட, அடுத்து வரும் தீர்மானம் என்னும் முடிப்பு அடவில் கால்கள் தறிகெட்டு ஓடுகின்றன. மிருதங்கம் மட்டும் தன் பழைய வேகத்திலேயே போகிறது.

இரும்புலியூரில் எடிட்டரின் கடைக்குப் போய்க் கத்தினேன்.

"வெட்டக் கூடாதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

"வெட்டவே இல்ல சார். ஒரே கிளிப்புதான். நடுவுல ஸ்பீடு ராம்ப் போட்டு, அங்கங்க ஸ்லோ பண்ணி அப்புறம் ஸ்பீடு ஏத்தினேன். ஆன்ட்டிகிட்ட எனர்ஜி கம்மியா இருந்துச்சு, மாஸா இருக்கட்டும்னு."

விதியின் எழுத்துப்படி அவன் சொன்னது சரி. அரசு அலுவலகத்தில் விதிகளை வைத்தே பிழைத்த எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வேக மாற்றத்தை நீக்கி அசலைக் கொடுத்தான். சபா செயலாளரோ போனில், ஒருவருக்கு ஒரு வீடியோதான் என்றார். வீட்டில் மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன்.

"நீங்க எழுதிக்கிட்டே இருங்க," என்றாள் மனைவி. "நான் போய் அந்தாளு மேஜைக்கு முன்னாடியே ஆடிக் காட்டறேன்."

சலங்கையைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.