மூன்றே தட்டில் நின்ற கொசைன்

கோவில்பட்டியில் பி.எஸ்சி. கணக்கு கடைசி வருடம். என் பெஞ்சுக்காரி இடைசெவல் பக்கத்துக்காரி, கணக்கில் புலி. முதல் வகுப்பு வாங்கினால் மதுரைக்கு எம்.எஸ்சி., இல்லாவிட்டால் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான் அந்த மனுஷனுக்கு.

பரீட்சையில் பெரிய கேள்வி: கொசைன் எக்ஸ் சமம் எக்ஸ், திரும்பத் திரும்பப் பிரதியிட்டுத் தீர். ஒன்றில் தொடங்கி கொசைன் பொத்தானை அமுக்க வேண்டும். வந்த எண்ணுக்கு மறுபடி அமுக்க வேண்டும். எங்களிடம் ஏது கால்குலேட்டர்? பௌதிக லேபிலிருந்து ஆளுக்கொன்று இரவல் தந்தார்கள்.

எனக்கு 0.5403 வந்தது, பிறகு 0.8576, பிறகு 0.6543. ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. இடைவெளி ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குறையும். உயிரை வாங்கிவிட்டது. விரல் வலித்த பிறகுதான் அடுத்தடுத்த இரண்டு விடைகள் நாலு தசமத்துக்கு ஒத்துப்போய், 0.7391 என்று நின்றது.

வெளியே வந்ததும் அவள் ஓடிவந்தாள்.

"ஏட்டி, எனக்கு மூணு தட்டுலயே நின்னுட்டு! 0.9998. சரிபாத்தேன், அதுக்குக் கொசைன் போட்டாலும் அதேதான் வருது."

வினாத்தாள் ஓரத்தில் குறித்திருந்ததைக் காட்டினேன். "எனக்கு 0.7391 வந்துச்சுட்டி. ரொம்ப நேரம் ஆடுச்சு."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது.

"டிகிரி," என்றாள்.

அவளுக்கு வந்த கால்குலேட்டரில், பௌதிகக்காரர்கள் பட்டகக் கோணம் அளப்பதற்கு டிகிரியில் வைத்த சுவிட்ச் அப்படியே இருந்திருக்கிறது. இந்தக் கணக்குக்குக் கோணத்தின் இன்னோர் அளவான ரேடியன் வேண்டும். டிகிரியில் அந்த எண் சரியாகத்தான் நிற்கும், சரிபார்த்தாலும் பொய் சொல்லாது. அது வேறொரு சமன்பாட்டின் விடை, அவ்வளவுதான். சாமி, ஒரு சின்னச் சுவிட்ச்!

சில மார்க்கில் அவளுக்கு முதல் வகுப்பு போயிற்று. எனக்குக் கிடைத்தது, மதுரையில் எம்.எஸ்சி. சேர்ந்தேன். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். அவள் அப்பாவைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவரோ என்னைப் பந்தியில் உட்காரவைத்து, பக்கத்தில் இருந்தவரிடம், "கணக்குல எம்மவள மிஞ்ச இந்தப் பக்கம் ஆளு கெடையாது," என்றார். நிஜமான பெருமை அது. இலையை அப்படியே விட்டு எழுந்தேன்.

உள்ளே கூறைப்புடவையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"விடுட்டி, அப்பா மேல கோவப்படாத. அவிய சொன்னத செஞ்சாவ."

"நீ படிச்சிருக்கணும்," என்றேன்.

வெளியே மேளம் கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கும்போது என் காதருகே குனிந்தாள்.

"மதுரையில மொதப் பாடம் என்ன நடத்துதாவ?"