வீட்டில் பெண்கள் யாராவது இருக்கிறார்களா?

தாராவியிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் புருவம் திருத்தவும் ஃபேஷியல் செய்யவும் ஆரம்பித்தபோது, கடை வாடகை மிச்சம் என்று பெருமைப்பட்டேன். மிச்சமானதெல்லாம் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் போனது. செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு வந்தால் ஆட்டோ சயானோடு நின்றுவிடும். மும்பையில் அதற்கு மேல் ஆட்டோ விடமாட்டார்கள், டாக்ஸிதான். அந்தச் செலவைத் தனியாகக் கேட்டால், "எப்படியும் இந்தப் பக்கம் வரத்தானே போறீங்க" என்பார்கள். நான் காற்று வாங்க வருவதாக நினைப்பு.

செவ்வாய், வெள்ளியில் முடியில் கை வைக்க விடமாட்டார்கள். எல்லோருக்கும் ஞாயிறு காலைதான் வேண்டும், அதுவும் ராகுகாலத்துக்கு முன்னால். ரயில்வேக்காரர்களும் தண்டவாளத்தைச் சரிசெய்ய அதே ஞாயிற்றுக்கிழமையைத்தான் பிடித்து வைத்திருந்தார்கள். ரயிலை நம்பி ஒரே நாளில் இரண்டு பக்கமும் போக முடியாது என்பதால், சனிக்கிழமை மாட்டுங்கா, ஞாயிறு செம்பூர் என்று பிரித்துக்கொண்டேன்.

மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "ஏதாவது ஒண்ணு காதுல விழுந்துச்சு, அன்னைக்கே உன் பைய பரண்ல தூக்கிப் போட்டுருவேன், பாத்துக்கோ." செய்யக்கூடியவர்தான். அதனால் புது வீடென்றால் போனில் பெண் குரலைக் கேட்காமல் கிளம்பமாட்டேன். போய்ச் சேர்ந்ததும் நாத்தனாருக்கு லொகேஷன் அனுப்பிவிடுவேன்.

ஒரு ஞாயிறு, செம்பூரில் என் பழைய வாடிக்கையாளர் இருக்கும் கட்டடத்திலிருந்தே ஒருவர் தன் மனைவிக்கு ஃபேஷியல் வேண்டுமென்று அழைத்தார். போனை மனைவியிடம் கொடுக்கச் சொன்னேன். குளிக்கிறாள் என்றார். ஒரே பஸ் செலவில் இரண்டு வீடு என்ற ஆசையில் ஒப்புக்கொண்டேன்.

வாசலில் பெண்கள் செருப்பு ஒரு ஜோடிகூட இல்லை.

"கோயிலுக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா. உள்ள வந்து உக்காருங்க" என்றார். குளித்து முடித்து அதற்குள் கோயிலுக்கும் போய்விட்டாராம். என்ன சுறுசுறுப்பு!

"அவங்க வந்தப்பொறவு கூப்பிடுங்க. நான் கீழ வாட்ச்மேன்கிட்ட நிக்கேன்" என்று இறங்கிவிட்டேன். அழைப்பு வரவில்லை.

அன்று மாலை பழைய வாடிக்கையாளர், கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்த மனிதர் எழுதியிருந்ததைப் படம் எடுத்து அனுப்பினார். 'மனைவி வரும்வரை உட்காரச் சொன்னேன். மரியாதையில்லாமல் போய்விட்டாள். இவளை யாரும் கூப்பிட வேண்டாம்.' செம்பூர் போய்விட்டால் தொழிலில் பாதி போனது. மாமியார் காதுக்கு வந்தால் மீதியும் பரணுக்குப் போகும்.

சற்று நேரத்தில் இன்னொரு படம் வந்தது. தன் மனைவியும் அதே குழுவில் இருப்பதை அந்த மகானுபாவர் மறந்துவிட்டார். அந்த அம்மாவே பதில் எழுதியிருந்தார்: 'நான் கோயமுத்தூர் வந்து பத்து நாளாச்சு. யாருக்கு ஃபேஷியல்?'

அடுத்த ஞாயிற்றுக்கு அந்தக் கட்டடத்திலிருந்தே நான்கு பெண்கள் அழைத்தார்கள். நான் கேட்பதற்கு முன்னாலேயே எல்லோரும் சொன்ன முதல் வார்த்தை, "நான் வீட்டுலதான் இருக்கேன்." ஆட்டோ செலவையும் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள்.